வாங்கியதும் கொடுத்ததும் சமமானால்: டிவி பெட்டியின் அப்லோட் கணக்கு

வீட்டு இணையத்தைப் பற்றி நாம் கவலைப்படுவதெல்லாம் டவுன்லோட் வேகத்தைப் பற்றித்தான். ஆனா வீட்டுக்குள் ஒரு கருவி வேறு யாருக்கோ வேலை செய்கிறதா என்று தெரியணும்னா பார்க்க வேண்டியது அப்லோடை. குறிப்பாக, விலை குறைந்த, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளின் அப்லோடை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, அந்த நாட்டில் மட்டும் சுமார் 30,000 கருவிகள் 'பேட்பாக்ஸ்' என்ற மால்வேருடன் இயங்குவதைக் கண்டுபிடித்து, அவற்றின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, 'பேட்பாக்ஸ் 2.0' பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இவற்றில் பல கருவிகள் கடைக்கு வரும்போதே மால்வேரோடு வந்தவை. அவை செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று, உங்கள் வீட்டு ஐபி முகவரியை அடுத்தவருக்கு வாடகைக்கு விடுவது. இதற்கு 'ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி' என்று பெயர். யாரோ ஒருவர் திருடிய பாஸ்வேர்டுகளை ஒரு தளத்தில் முயன்று பார்க்கிறார் என்றால், அந்தத் தளத்தின் பதிவேட்டில் விழுவது உங்கள் வீட்டு முகவரி. விசாரணை வந்தால் முதலில் தட்டப்படும் கதவும் உங்களுடையதுதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் கணக்கு போட்டாலே போதும்.

ஒரு டிவி பெட்டி படம் காட்டும்போது என்ன நடக்கிறது? டிசிபி முறையில் தரவு சுமார் 1,460 பைட் கொண்ட பொட்டலங்களாக வருகிறது. வழக்கமாக இரண்டு பொட்டலத்துக்கு ஒரு தடவை, "வந்து சேர்ந்தது" என்று பெட்டி பதில் அனுப்பும். அந்தப் பதில் 50, 60 பைட்தான். அதாவது 2,920 பைட் வாங்கினால் 60 பைட் கொடுக்கிறது. சுமார் 2 சதவீதம். பல கருவிகள் பதில்களைச் சேர்த்து அனுப்புவதால் இன்னும் குறையும். 10 ஜிபி படம் பார்த்தால் அப்லோட் 200 எம்பிக்குள் அடங்கிவிட வேண்டும்.

ப்ராக்ஸியாக வேலை செய்யும் பெட்டியின் கணக்கு வேறு. வாடிக்கையாளர் கேட்ட பக்கத்தை அது ஒரு தளத்திலிருந்து டவுன்லோட் செய்கிறது. பிறகு அதே பைட்களை ப்ராக்ஸி நிறுவனத்தின் சர்வருக்கு அப்லோட் செய்கிறது. உள்ளே வந்தது அப்படியே வெளியே போகணும். ஆகவே விகிதம் 2 சதவீதமாக இருக்காது, 100 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாதாரண டிவி பெட்டிக்கு இப்படி ஒரு கணக்கு வர நியாயமான காரணமே கிடையாது.

இதை அளக்க வேண்டிய இடம் ரவுட்டர். பெட்டிக்குள் ஒரு ஆப் போட்டு அளந்தால், பெட்டி சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சில ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்திலேயே ஒவ்வொரு கருவிக்கும் டவுன்லோட், அப்லோட் அளவு இருக்கும். இல்லையென்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் nlbwmon நிறுவி இப்படிப் பார்க்கலாம்:

```
nlbw -c csv -g mac
```

இதைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமித்து, முந்தைய எண்ணைக் கழித்தால் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் எவ்வளவு என்று கிடைத்துவிடும். ரவுட்டரில் 'ஃப்ளோ ஆஃப்லோடிங்' வசதி இருந்தால் அளக்கும் வரை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பல பைட்கள் கணக்கில் வராமலே போகும்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். பகலில் 10 ஜிபி படத்தோடு 500 எம்பி ப்ராக்ஸி கலந்தால் விகிதம் 7 சதவீதம்தான் வரும், சந்தேகமே வராது. அதனால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்படி விட்டு, இரவு முழுக்க அளக்கணும்.

ஒரு நண்பர் வீட்டில் அப்படி அளந்ததைச் சொல்கிறேன். இரவு 1 மணி முதல் 6 மணி வரை, டிவி ஆஃப். பெட்டியின் டவுன்லோட் 1.9 ஜிபி, அப்லோட் 2.0 ஜிபி. நள்ளிரவில் ஏதோ அப்டேட் இறங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்டேட் என்றால் டவுன்லோட் மட்டும்தான் ஏறும். இங்கே பத்து நிமிஷக் கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிட்டது: 2:10க்கு 41 எம்பி உள்ளே, 42 வெளியே. அடுத்த பத்து நிமிஷத்தில் 3 உள்ளே, 3 வெளியே. அதற்கடுத்து 118 உள்ளே, 121 வெளியே. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறது, இறங்கினால் கூடவே இறங்குகிறது.

அடுத்த கேள்வி, யாரோடு பேசுகிறது?

```
grep 192.168.1.40 /proc/net/nf_conntrack
```

ஒவ்வொரு வரியிலும் இரண்டு bytes= இருக்கும். முதலாவது பெட்டி அனுப்பியது, இரண்டாவது பெட்டிக்கு வந்தது. அறுபது சொச்சம் இணைப்புகளில் பெரும்பாலானவை வெவ்வேறு தளங்களுக்கு. சில நொடிகளில் மறைந்துவிடும், வந்தது அதிகம், அனுப்பியது கொஞ்சம். ஆனால் மூன்று இணைப்புகள் மட்டும் மணிக்கணக்கில் அறுபடவே இல்லை. அவற்றில் அனுப்பியது அதிகம், வந்தது கொஞ்சம். பல கடைகளில் வாங்கி ஒரே கிடங்கில் இறக்குவது மாதிரி. அந்தக் கிடங்குதான் ப்ராக்ஸி சர்வர். இணைப்பைப் பெட்டியே உள்ளிருந்து தொடங்குவதால் ரவுட்டரின் ஃபயர்வாலோ, பொது ஐபி இல்லாத இணைப்போ இதைத் தடுக்காது.

வீட்டில் அப்லோட் அதிகமுள்ள எல்லாமே திருட்டு இல்லை என்பதையும் சொல்லணும். கிளவுட் கேமராவில் அப்லோட் மட்டும் ஓயாமல் போகும், டவுன்லோட் கிட்டத்தட்ட இருக்காது. போன் ஃபோட்டோ பேக்கப் ஒரே மூச்சாகப் போய் நின்றுவிடும். வீடியோ காலில் இரண்டு பக்கமும் சமமாக வரலாம், ஆனா எதிரில் பேசுகிற ஆள் இருப்பார், சர்வரும் ஒன்றோ இரண்டோதான். டொரன்ட் ஒன்றுதான் பார்க்க இதைப் போலவே இருக்கும். அதை யார் போட்டது என்று வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பாஸ்வேர்டு முயற்சிக்கும் போலி விளம்பர கிளிக்குக்கும் ரொம்பக் குறைந்த பைட் போதும். அங்கே விகிதம் உதவாது. டிவி அணைந்திருக்கும்போது எத்தனை வெவ்வேறு முகவரிகளுக்கு இணைப்பு போகிறது என்று எண்ணணும். சும்மா இருக்கும் பெட்டிக்குச் சில முகவரிகள் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் சந்தேகப்படலாம்.

நண்பர் கேட்டது, "ஏன் இத்தனை நாள் தெரியவே இல்லை?" என்று. இரவு ஐந்து மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 4 ஜிபி. பகலிலும் இதே வேகம் என்று வைத்தால் மாதம் 600 ஜிபியை ஒட்டி வரும். நம்ம ஊர் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாத வரம்பு 3,300 ஜிபி. அது தீர்ந்தால்தானே யாராவது கேட்பார்கள்!

ஃபேக்டரி ரீசெட் இதற்குப் பலன் தராது. மால்வேர் பெட்டியின் சிஸ்டம் பகுதியிலேயே இருந்தால், ரீசெட் செய்த பிறகும் அதே சிஸ்டம்தான் எழுந்து வரும். ரீசெட் செய்தவர்கள் மறுநாள் இரவும் ஒரு தடவை அளந்து பாருங்கள். விகிதம் மறுபடியும் 100ஐத் தொட்டால் அந்தப் பெட்டிக்கு வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுக்காதீர்கள். நண்பர் வீட்டுப் பெட்டி இப்போது பென் டிரைவிலிருந்து பழைய படம் மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது.