இழைப்புளியை எடுக்கும் முன்

மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் ஊதும், நீளத்தில் ஊதாது. அப்படியே ஊதினாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். நிலையில் உரசும் கதவைப் பற்றி இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால், ஐப்பசி மழை தொடங்கியதும் தேவையில்லாமல் இழைக்கப்படும் கதவுகளில் பாதியாவது தப்பிவிடும்.

பலகை வைத்த பழைய தேக்குக் கதவை எடுத்துக்கொள்வோம். இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற நெடுஞ்சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச்சட்டங்கள். நடுவே, காடிக்குள் சற்றுத் தளர்வாக உட்கார்ந்திருக்கும் பலகைகள். கதவின் உயரத்தைத் தீர்மானிப்பது நெடுஞ்சட்டத்தின் நீளம். அது மாறாது. அகலத்தில் பெரும்பங்கு குறுக்குச்சட்டத்தின் நீளம். அதுவும் மாறாது. மழைக்காலத்தில் உண்மையில் பருப்பது அந்த இரண்டு நெடுஞ்சட்டங்களின் அகலம் மட்டுமே. சட்டம் ஒன்று நான்கு அங்குலம் என்றால், கோடைக்கும் அடைமழைக்கும் இடையில் தேக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடும். இரண்டுக்கும் சேர்த்து 2 மி.மீ. வேம்பு, மா போன்ற நாட்டு மரங்களில், அதுவும் சரியாகக் காயாத மரமாக இருந்தால், இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். ஊதியதால் உரசுகிற கதவு, பூட்டுப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி உரசும். கோடை வந்தால் தானாகச் சரியாகும். மாறாக, பூட்டுப் பக்கத்தின் மேல் மூலையில் மட்டும் உரசினாலோ, கீழ் மூலை தரையைக் கீறினாலோ, மழையைக் குற்றம் சொல்வதற்கில்லை. கதவு சாய்ந்திருக்கிறது. (வீட்டில் பழைய மொசைக் தரைக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் அது வேறு கதை. அங்கே தரைதான் உயர்ந்திருக்கிறது. கதவின் அடியை அறுப்பதைத் தவிர வழியில்லை.)

எந்த வகை என்று உறுதிசெய்ய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கதவை மூடிவிட்டு, நிலைக்காலுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் பாருங்கள். ஒழுங்காக மாட்டிய கதவில் பக்கத்துக்கு 3 மி.மீ. இருக்கும், ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறத்தாழ அந்தத் தடிமன் வரும். இப்போது மேலே கீல் பக்க இடைவெளியையும் பூட்டுப் பக்க இடைவெளியையும் கூட்டுங்கள். அதேபோல் நடுவிலும் கீழேயும் கூட்டுங்கள். மூன்று இடத்திலும் கூட்டுத்தொகை 5, 6 மி.மீ. என்று வந்தால், கதவின் அகலத்தில் ஒரு குறையும் இல்லை. இருக்கிற இடம் தப்பான பக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான். கூட்டுத்தொகையே 2, 3 மி.மீ.க்குள் சுருங்கியிருந்தால்தான் கதவு நிலையைவிடப் பருத்திருக்கிறது என்று பொருள்.

மயிலாடுதுறைப் பக்கம் ஓர் ஆசிரியை வீட்டில் படுக்கையறைக் கதவு இப்படித்தான் முரண்டு பிடித்தது. 30 அங்குல அகலம், 78 அங்குல உயரம், மூன்று கீல். பூட்டுப் பக்கம் மேல் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு பெயின்ட் உரிந்து மரம் தெரிந்தது. மழையில் உப்பிவிட்டது, ஒரு இழைப்பு இழைத்தால் போதும் என்பது வீட்டாரின் முடிவு. வந்த தச்சர் பையைத் திறக்கவில்லை. இடைவெளிகளைப் பார்த்தார். கீல் பக்கம் மேலே 6, கீழே 3. பூட்டுப் பக்கம் மேலே சுழி, கீழே 3. மேலே கூட்டினாலும் 6, கீழே கூட்டினாலும் 6.

“டீச்சர், கதவு பெருக்கல, சாஞ்சிருக்கு. இழைச்சா, சாஞ்ச கதவு சாஞ்சபடியேதான் இருக்கும்” என்றார்.

பிறகு கதவைப் பாதி திறந்து, கைப்பிடி ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். மேல் கீலின் தகடு நிலைக்காலை விட்டு விலகி விலகி ஒட்டியது. கதவின் எடை முழுவதும் மேல் கீலை வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை உள்ளே அழுத்துகிறது. அதனால் முதலில் விட்டுக்கொடுப்பது எப்போதும் மேல் கீல்தான். அங்கே தகடு இரண்டு மில்லிமீட்டர் கிளம்பினால், கதவின் உச்சி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பூட்டுப் பக்கம் சாயும்.

தூக்கிப் பார்க்கும்போது எது அசைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தகடு மரத்திலிருந்து அசைந்தால் ஸ்க்ரூ பிடிப்பு போய்விட்டது. தகடு அசையாமல், கீலின் குழலுக்குள் கம்பி ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. அதை எத்தனை முறுக்கினாலும் பயனில்லை, கீலையே மாற்ற வேண்டும். நிலைக்காலே சுவரோடு அசைந்தால், நிலையைச் சுவரில் பிடித்திருக்கும் ஹோல்ட்பாஸ்ட் தளர்ந்திருக்கிறது. நிலையை ஒட்டி மேலிருந்து கீழாகப் பூச்சு விரிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அது கொத்தனாரின் வேலை. கதவில் கை வைக்கவே வேண்டாம்.

டீச்சர் வீட்டில் தகடுதான் அசைந்தது. நான்கு ஸ்க்ரூவில் இரண்டு, திருப்புளி வைத்தால் சுற்றிக்கொண்டே இருந்தன, இறுகவில்லை. துளை தேய்ந்து பெருத்துவிட்டது. இதற்குப் பலரும் செய்வது தீக்குச்சியைச் செருகி முறுக்குவது. கொஞ்ச நாள் நிற்கும். தீக்குச்சி மரம் மெத்தென்று இருப்பதால் பிறகு மசிந்துவிடும். அந்தத் தச்சர் மூங்கில் சிம்புகளைச் சீவி, மரப்பசையில் தோய்த்து, துளை நிறையத் தட்டி இறக்கினார். மறுநாள் காய்ந்ததும் நீட்டியிருந்ததை உளியால் நறுக்கி, நடுவில் மெல்லிய துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினார். பசை காயும்வரை கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கச் செய்ததுதான் இதில் முக்கியம். அவசரப்பட்டு அன்றைக்கே முறுக்கியிருந்தால் சிம்பு சுழன்று வெளியே வந்திருக்கும்.

இன்னொரு வழி நீளமான ஸ்க்ரூ. அமெரிக்க வீடியோக்களில் மூன்று அங்குல ஸ்க்ரூ போடச் சொல்வார்கள். அவர்கள் நிலை முக்கால் அங்குலப் பலகை. அதைத் தாண்டி உள்ளே இருக்கும் சுவர்ச் சட்டத்தைப் பிடிக்க அவ்வளவு நீளம் தேவை. நம் நிலை நான்குக்கு மூன்று அங்குலக் கெட்டி மரம். ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ இருந்த இடத்தில் இரண்டு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் செங்கல்லில் முட்டி நிற்கும்.

கீலை இறுக்கிய பிறகு அந்தக் கதவில் மேல் மூலையில் நாணயம் ஒன்றை நுழைக்க முடிந்தது. சீவுளி படாமலே வேலை முடிந்தது.

எல்லாக் கதவும் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்காது. கீல் நான்கும் இறுகியிருக்கும். கூட்டுத்தொகையும் சரியாக இருக்கும். ஆனால் மேல் மூலை நிலையின் தலைக்கட்டையில் இடிக்கும், அல்லது கீழ் மூலை தரையைத் தொடும். இங்கேதான் கீலுக்கு அடியில் அட்டை வைக்கும் வித்தை. கீழ்க் கீலின் தகட்டுக்கும் நிலைக்காலுக்கும் நடுவே அட்டை வைத்தால், கதவின் அடி பூட்டுப் பக்கம் தள்ளப்படும். மேல் கீலை அச்சாகக் கொண்டு கதவு திரும்பி, பூட்டுப் பக்க ஓரம் மேலே எழும்பும். மேல் கீலில் அட்டை வைத்தால் நேர்மாறாக அந்த ஓரம் இறங்கும். மேல் மூலை இடிக்கிறது என்றால் ஓரத்தை இறக்க வேண்டும், அதனால் மேல் கீல். கீழ் மூலை தரையைத் தொட்டால் ஏற்ற வேண்டும், அதனால் கீழ்க் கீல். இதை மாற்றி வைத்துவிட்டு, அட்டை வைத்தும் பயனில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு தடிமன்? காலாவதியான ஏ.டி.எம். அட்டை முக்கால் மில்லிமீட்டர். 30 அங்குலக் கதவில் கீல்கள் ஐந்தடி இடைவெளியில் இருந்தால், ஓர் அட்டைக்குப் பூட்டுப் பக்கம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே அசையும். ஆக இது நுணுக்கமான திருத்தத்துக்கான வழி. இரண்டு அட்டைக்கு மேல் அடுக்கினால் கீல் பள்ளத்தைவிட்டு வெளியே துருத்தும், ஸ்க்ரூவின் பிடிப்பும் குறையும். நடுக்கீல் இருந்தால் அதற்குப் பாதித் தடிமன் வைக்க வேண்டும். கெட்டியான கல்யாணப் பத்திரிகை அதற்குப் பொருத்தம். குளியலறைக் கதவில் மட்டும் காகித அட்டை ஊறிப்போகும், பிளாஸ்டிக்தான் சரி. வேலை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் கழற்றுங்கள்.

அட்டை வைப்பதற்கு இன்னொரு அறிகுறியும் உண்டு. கதவு எங்கும் உரசாது. ஆனால் மூடினால் விறைத்துக்கொண்டு திரும்பத் திறக்கும். கீல் பக்கம் இடைவெளியே இல்லாமல் கதவும் நிலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளத்தை அதிகமாகக் கொத்திவிட்டார்கள். எல்லாக் கீலுக்கும் ஓர் அட்டை வைத்தால் விறைப்பு போகும். ஆனால் முதலில் ஸ்க்ரூத் தலை துருத்திக்கொண்டு தகடுகளை மூடவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதுதான் காரணம்.

இவை எதற்கும் மசியாமல், கூட்டுத்தொகையே சுருங்கிய கதவுக்குத்தான் இழைப்புளி. அதையும் கார்த்திகை மழையில் தாராளமாக ஓட்டக் கூடாது. அன்றைக்கு 3 மி.மீ. எடுத்தால், பங்குனியில் கதவு சுருங்கும்போது இடைவெளி அகன்று, பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளையைச் சரியாக எட்டாமல் போகும். மழையில் கதவு மூடித் திறக்கிற அளவுக்கு மட்டும் ஒரு மில்லிமீட்டர் எடுங்கள். மீதியைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம். எங்கே எடுப்பது என்று தெரிய, நிலைக்காலில் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால் உரசும் இடம் வெள்ளையாக ஒட்டியிருக்கும். பூட்டுப் பக்க விளிம்பைச் சதுரமாக இழைக்காமல், மூடும்போது முதலில் நிலைக்குள் நுழைகிற பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்த்து எடுக்க வேண்டும். கதவு திரும்பும்போது வெளி வட்டத்தில் சுழல்வது அந்த மூலைதான். நிறைய எடுக்க வேண்டியிருந்தால் பூட்டுப் பக்கத்தைத் தொடாமல், கீல் பக்கத்தை இழைத்துப் பள்ளங்களை ஆழப்படுத்துவது மேல். பிளஷ் டோரில் ஓரத்தில் ஓடுவது ஒடுங்கிய மரச்சட்டம் மட்டுமே. அங்கே கை தாராளம் ஆகாது. பி.வி.சி. கதவை இழைக்கவே முடியாது.

இழைத்த இடத்தை அன்றைக்கே பிரைமர் பூசி மூடுங்கள். கூடவே ஸ்டூலில் ஏறி, கதவின் தலையை விரலால் தடவிப் பாருங்கள். கதவை மாட்டிய பிறகே பெயின்ட் அடிக்கிறார்கள் என்பதால், பெரும்பாலான வீடுகளில் உச்சியும் அடியும் பச்சை மரமாகவே விடப்பட்டிருக்கும். நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுகம் அங்கே திறந்திருக்கிறது. மரம் மிக வேகமாக ஈரத்தை உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். மாசி, பங்குனியில் கதவு நன்றாகக் காய்ந்திருக்கும்போது கழற்றி, அந்த இரண்டு முனைக்கும் பிரைமரும் அதன்மேல் இரண்டு கோட் பெயின்டும் கொடுத்து மாட்டுங்கள்.