குடற்புழு மாத்திரை தோற்றதா, புழு திரும்பி வந்ததா? அளவு, பாதுகாப்பு, பலன் குறித்த விளக்கம்

புதுதில்லி: நாடு முழுவதும் ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் 1 முதல் 19 வயது வரையிலானோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தின் கீழ் இந்தப் பணி நடைபெற்று வருகிறது. ஆனால், மாத்திரை சாப்பிட்ட சில மாதங்களிலேயே குழந்தையின் மலத்தில் மீண்டும் புழு தென்படுவதாகப் பெற்றோர் பலர் கூறுகின்றனர். மருந்து வேலை செய்யவில்லையா, அல்லது புழு புதிதாகத் தொற்றியதா என்பதை அறிய, இந்த மாத்திரை எவ்வாறு செயல்படுகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

எடைக்கு ஏற்ப அளவு மாறாதது ஏன்?

அல்பெண்டசோல், மெபெண்டசோல் ஆகிய இரண்டும் ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புழுவின் உடலணுக்களில் உள்ள டியூபுலின் என்னும் புரதத்தில் இவை ஒட்டிக்கொள்கின்றன. அதனால் புழுவால் சர்க்கரையை உறிஞ்ச இயலாமல் போகிறது. ஆற்றல் தீர்ந்து, சில நாள்களில் அது இறந்து மலத்துடன் வெளியேறுகிறது. மனித உடலில் இம்மருந்துகள் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடுகிறது. குடலில் வாழும் புழுவைக் கொல்வதற்கு அதுவே போதுமானது. இதனால்தான் மூன்று வயதுக் குழந்தைக்கும் 18 வயது இளைஞருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் என்ற ஒரே அளவு அளிக்கப்படுகிறது.

ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு மட்டும் பாதி மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. மெபெண்டசோல் பயன்படுத்தப்படும் நாடுகளில், ஒரு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் 500 மில்லிகிராம் ஒரே வேளையாக அளிக்கலாம் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஒரு வயது நிறைவடையாத குழந்தைகளுக்கு இரண்டு மருந்துகளுமே திட்டத்தில் வழங்கப்படுவதில்லை. அந்த வயதில் பாதுகாப்பு குறித்த தரவுகள் போதுமானவையாக இல்லை. மெபெண்டசோல் பெற்ற கைக்குழந்தைகளுக்கு மிக அரிதாக வலிப்பு ஏற்பட்டதும் பதிவாகியுள்ளது.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை, மருந்தைவிட மாத்திரையே பெரிய ஆபத்தாக அமைகிறது. எத்தியோப்பியாவில் 2007-ஆம் ஆண்டு நடைபெற்ற குடற்புழு நீக்க முகாமில், மூன்று வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகள் மாத்திரை தொண்டையில் அடைத்து உயிரிழந்தனர். எனவே, மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்து நன்கு பொடியாக்கி, தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகின்ற குழந்தையின் வாயில் வலுக்கட்டாயமாகத் திணிக்கவோ, மூக்கைப் பிடித்து விழுங்கச் செய்யவோ கூடாது. மூன்று வயதுக்கு மேற்பட்டோர் மாத்திரையை மென்று சாப்பிட வேண்டும்.

காய்ச்சல் போன்ற உடல்நலக் குறைவு உள்ள குழந்தைக்கு அன்றைய தினம் மாத்திரையைத் தவிர்த்துவிட்டு, விடுபட்டோருக்காக அடுத்த சில நாள்களில் நடத்தப்படும் முகாமில் கொடுக்கலாம். காரணம் தெரியாத வலிப்பு உள்ளவர்களுக்கு, மூளையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறதா என்பதை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கட்டி இருந்தால், ஒரே வேளை அல்பெண்டசோல்கூட வலிப்பைத் தூண்டக்கூடும். மற்றவர்களுக்கு வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் போன்றவை ஏற்படலாம். புழு அதிகமாக உள்ளவர்களிடமே இவை பெரும்பாலும் காணப்படுகின்றன. வழக்கமாகச் சில மணி நேரத்தில் சரியாகிவிடுகின்றன.

கர்ப்பிணிகள் எப்போது சாப்பிடலாம்?

முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே பொது விதி. கருவின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. எலி, முயல் ஆகியவற்றில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் அல்பெண்டசோல் கருவில் குறைபாடுகளை ஏற்படுத்தியது தெரியவந்ததால் இந்த எச்சரிக்கை கடைப்பிடிக்கப்படுகிறது.

நான்காம் மாதத்திலிருந்து நிலைமை வேறு. கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. இத்தகைய நிலையில், இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு இரத்தத்தைக் குடிக்கும் புழுவை விட்டுவைப்பது பலன் தராது. ஆகவே, இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில், இரண்டாவது மூன்று மாத காலத்தில் கர்ப்பிணிகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே வேளையாக அளிக்கப்படுகிறது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் இம்மாத்திரையைச் சாப்பிடலாம்.

கர்ப்பம் என்று அறியாமலேயே முதல் மாதங்களில் மாத்திரை சாப்பிட்டுவிட்டவர்கள் அச்சப்படுவது இயல்பு. இதற்கு இலங்கையிலிருந்து வந்த ஓர் ஆய்வு ஓரளவு விடை தருகிறது. கர்ப்பிணிகளுக்கு மெபெண்டசோல் வழங்குவதை அந்நாடு கொள்கையாகவே கொண்டிருந்தது. மருந்து பெற்ற 5,275 பெண்களையும் பெறாத 1,737 பெண்களையும் ஒப்பிட்டு 1999-ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில், பெரிய பிறவிக் குறைபாடுகள் முறையே 1.8 சதவீதமாகவும் 1.5 சதவீதமாகவும் இருந்தன. இந்த வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்கதல்ல. குழந்தை இறந்து பிறப்பதும், பிறந்தவுடன் இறப்பதும் மருந்து பெற்றவர்களிடம் குறைவாகவே இருந்தன. எனினும், முதல் மூன்று மாதங்களில் மருந்து உட்கொண்டிருந்த 407 பேரிடம் குறைபாட்டு விகிதம் 2.5 சதவீதமாக இருந்ததால், அக்காலத்தில் தவிர்ப்பதே நல்லது என்ற விதி தொடர்கிறது. தவறுதலாகச் சாப்பிட்டவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவித்து, வழக்கமான பரிசோதனைகளைத் தொடர்ந்தால் போதும். அந்த ஒரு காரணத்துக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

புழுவுக்குப் புழு மாறும் பலன்

ஒரே மாத்திரை எல்லாப் புழுக்களையும் ஒரே அளவில் அழிப்பதில்லை. இதுவே சிகிச்சை தோல்வியின் முதல் காரணம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டு பிஎம்ஜே இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, ஒரே வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை ஏறத்தாழ 96 சதவீதத்தினரிடமும் கொக்கிப்புழுவை 80 சதவீதத்தினரிடமும் முற்றிலும் நீக்குகிறது. சாட்டைப்புழுவை 31 சதவீதத்தினரிடம் மட்டுமே நீக்குகிறது. மெபெண்டசோல் உருண்டைப்புழுவுக்கு எதிராக அதே அளவு திறனுடையது என்றாலும், கொக்கிப்புழுவை சுமார் 33 சதவீதத்தினரிடமும் சாட்டைப்புழுவை 42 சதவீதத்தினரிடமுமே நீக்குகிறது. கொக்கிப்புழு அதிகமுள்ள பகுதிகளில் அல்பெண்டசோல் பொருத்தமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சாட்டைப்புழு தன் மெல்லிய முன்பகுதியைப் பெருங்குடலின் உட்சவ்வுக்குள் நுழைத்துக்கொண்டு வாழ்கிறது. இதனால் குடலில் கரைந்துள்ள மருந்து அதைப் போதிய அளவு தாக்குவதில்லை எனக் கருதப்படுகிறது. பரிசோதனையில் சாட்டைப்புழு உறுதி செய்யப்பட்டவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் தினமும் ஒரு வேளையாக மூன்று நாள்களுக்கோ, மெபெண்டசோல் 100 மில்லிகிராம் காலை, மாலை என மூன்று நாள்களுக்கோ மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சியின் கதை வேறு. மருந்து புழுவைக் கொன்றாலும் முட்டைகளை அழிப்பதில்லை. அவை நகக்கண்ணிலும் படுக்கை விரிப்பிலும் தங்கி மீண்டும் வாய்க்குள் செல்கின்றன. எனவே, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரு வேளை மருந்து தேவை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் சாப்பிடுவதும் அவசியம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஆகஸ்ட் 10 அன்று பள்ளியில் மாத்திரை சாப்பிட்ட ஏழு வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். முன்பு நடந்த பரிசோதனையில் அவனுக்கு உருண்டைப்புழு, சாட்டைப்புழு இரண்டின் முட்டைகளும் இருந்தன. ஆகஸ்ட் 28 அன்று மீண்டும் மலம் பரிசோதிக்கப்படுகிறது. உருண்டைப்புழு முட்டைகள் இல்லை. சாட்டைப்புழு முட்டைகள் குறைந்துள்ளன, ஆனால் மறையவில்லை.

விழுங்கிய முட்டையிலிருந்து புழு வளர்ந்து தானே முட்டையிடுவதற்கு, இவ்விரு வகைகளிலும் சுமார் இரண்டு மாதங்கள் அல்லது அதற்கு மேல் ஆகும். எனவே, 18 நாள்களில் தெரியும் முட்டைகள் புதிய தொற்றிலிருந்து வந்திருக்க முடியாது. அவை மாத்திரைக்குத் தப்பிய பழைய புழுக்களுடையவை. மருந்தின் பலனைச் சோதிக்க 14 முதல் 21 நாள்கள் என்ற இடைவெளி பின்பற்றப்படுவதன் காரணம் இதுதான். இச்சிறுவனுக்குத் தேவைப்படுவது மூன்று நாள் சிகிச்சை.

அதே சிறுவனுக்கு அடுத்த ஜனவரியில் உருண்டைப்புழு முட்டைகள் தென்பட்டால், அதை மருந்தின் தோல்வி என்று கூற இயலாது. மாத்திரையின் பலன் ஓரிரு நாள்களில் முடிந்துவிடுகிறது. அது தடுப்பூசியைப் போல் காப்பதில்லை. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு ஆய்வின்படி, சிகிச்சைக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் உருண்டைப்புழுத் தொற்று முந்தைய அளவில் 68 சதவீதத்தையும் ஓராண்டில் 94 சதவீதத்தையும் மீண்டும் எட்டிவிடுகிறது. மாத்திரை சாப்பிட்ட நாளில் நுரையீரல் வழியே பயணித்துக்கொண்டிருந்த இளம்புழுக்களும் மருந்துக்குத் தப்பிப் பின்னர் குடலை வந்தடையக்கூடும். ஆண்டுக்கு இருமுறை மருந்து அளிக்கப்படுவது இவற்றைக் கருதியே.

மாத்திரை வயிற்றுக்குள் போகாததும் தோல்வியாகத் தெரிவதுண்டு. குழந்தை துப்பிவிடுவதையும், பிறகு சாப்பிடலாம் என வீட்டுக்கு எடுத்துச் சென்று மறந்துவிடுவதையும் தவிர்க்கவே, ஆசிரியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளர் முன்னிலையில் சாப்பிட வேண்டும் என்ற நடைமுறை உள்ளது.

மருந்து எதிர்ப்புத் திறன் குறித்த கவலையும் உண்டு. இதே மருந்துக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், ஆடுகளைத் தாக்கும் புழுக்களில் எதிர்ப்புத் திறன் பரவலாகிவிட்டது. மனிதரைத் தாக்கும் புழுக்களிலும் அதற்குரிய மரபணு மாற்றங்கள் சில இடங்களில் காணப்பட்டுள்ளன. ஆயினும், வீட்டில் ஒரு குழந்தைக்கு மீண்டும் புழு தென்பட்டால் முதலில் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: மாத்திரை உண்மையில் மென்று சாப்பிடப்பட்டதா, அது எந்த வகைப் புழு, மாத்திரைக்குப் பின் எத்தனை நாள்கள் ஆகின்றன? இவற்றுக்கான விடையைப் பொறுத்தே, மூன்று நாள் சிகிச்சையா, இரண்டு வாரத்தில் மறு மாத்திரையா, அல்லது அடுத்த முகாம் வரை காத்திருப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய இயலும்.