நகரும் இருக்கை

பொன்முடி மலையில் தேயிலைத் தோட்ட வேலை பார்த்து வயதானவர்கள் பலருக்கு முழங்கால் வலி உண்டு. குந்தி உட்கார முடியாது. அதனால் சில வீடுகளில் நாற்காலி போல உட்காரும் பீங்கான் கழிப்பறையை வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாரும் அதைக் குளோசெட் என்றே சொல்லுவார்கள். அதன் மேலே பிளாஸ்டிக் இருக்கை இருக்கும். கொஞ்ச நாள் போனதும் அந்த இருக்கை பக்கவாட்டில் நகரத் தொடங்கும். உட்காரும்போது ஒரு பக்கம் வழுக்கும். வயதானவர்கள் பிடிமானம் இல்லாமல் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம்.

பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி வீட்டில் இப்படித்தான் இருந்தது.

“எந்தப் பக்கம் போகுது, பாட்டி?” என்று கேட்டேன்.

“எப்பவும் இடது பக்கம்தான், தம்பி. எந்திரிக்கும்போது ரெண்டு விரல் அளவு போயிடும்” என்றார்.

பாட்டிக்கு வலது முழங்காலில் வலி. எழும்போது இடது பக்கமாகச் சாய்ந்து, இடது காலில் பாரம் போட்டு எழுவார். தினமும் ஐந்தாறு தடவை இருக்கை அந்தப் பக்கமே தள்ளப்படும். அவர் மகன் மூன்று தடவை நட்டை முறுக்கினார். ஒவ்வொரு தடவையும் பத்து நாளில் மறுபடி நகர்ந்தது.

ஏன் அப்படி? இருக்கை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும்.

பீங்கானின் பின்பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. இருக்கையின் கீல் அந்தத் துளைகளுக்கு மேலே உட்காரும். கீலிலிருந்து இரண்டு போல்ட்டுகள் துளை வழியாகக் கீழே இறங்கும். கீழே நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். துளை போல்ட்டைவிடப் பெரியது. போல்ட் பென்சில் தடிமன் என்றால், துளையில் சுண்டுவிரல் நுழையும். இது செய்தவரின் தவறு அல்ல. பீங்கான் களிமண்ணால் ஆனது. காய்ந்து சூளையில் வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். எல்லாம் ஒரே அளவாகச் சுருங்காது. அதனால்தான் துளையைத் தாராளமாக விடுகிறார்கள்.

ஆகவே துளை போல்ட்டைப் பிடிப்பதில்லை. மேலும் கீழும் இருக்கும் ரப்பர் வாஷர்தான் பீங்கானைக் கவ்விப் பிடிக்கிறது. நட்டு அந்த ரப்பரை அழுத்தி வைக்கிறது. ரப்பர் கெட்டால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடி நிற்காது. பாட்டி வீட்டில் நடந்தது இதுதான்.

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். ஒருவர் இருக்கையை இரண்டு பக்கமும் தள்ளட்டும். நீங்கள் கீலைப் பாருங்கள். கீலும் போல்ட்டும் சேர்ந்து பீங்கான் மேல் நகர்ந்தால், போல்ட் பகுதியில் குறை. கீல் அசையாமல் நிற்க, இருக்கை மட்டும் ஆடினால், கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது. அதை முறுக்கிச் சரிசெய்ய முடியாது. கீலை மாற்ற வேண்டும். இருக்கையே வெடித்திருந்தால் புது இருக்கைதான் வழி.

பாட்டி வீட்டில் கீல் சேர்ந்தே நகர்ந்தது. கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். கீலின் பின்னால் சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்தது. திருப்புளி நுனியால் அதை நெம்பினால் போல்ட்டின் தலை தெரியும். அண்ணாச்சி மேலே திருப்புளியால் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே குனிந்து நட்டைக் கழற்றினேன். மேலே பிடிக்காவிட்டால் நட்டும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். எவ்வளவு நேரம் சுற்றினாலும் கழலாது.

வலது நட்டு எளிதாக வந்தது. இடது நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. பொன்முடியில் வருஷத்தில் பல மாதம் மஞ்சும் மழையும்தான். குளியலறை காய்வதே இல்லை. அதோடு கழிப்பறை கழுவும் ஆசிட் இரும்பைத் தின்றுவிடும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு விட்டோம். மறுநாள் வந்துவிட்டது. வராவிட்டால் ஹேக்சா பிளேடால் போல்ட்டை அறுக்கலாம். பீங்கான் மேல் கீறல் விழாமல் நடுவில் அட்டை வைத்துக்கொள்ள வேண்டும். சுத்தியலால் தட்டவே கூடாது.

வெளியே எடுத்த இடது போல்ட்டின் மரை பாதி கரைந்திருந்தது. ரப்பர் வாஷர் கல் போல இறுகி இரண்டாகப் பிளந்திருந்தது. வலது பக்க ரப்பர் நன்றாகவே இருந்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால் பிடி சமமாக இருக்காது.

கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டைக் கையில் கொண்டு போங்கள். துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை அளந்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புது இருக்கை வாங்குவதாக இருந்தால் துளையிலிருந்து முன் விளிம்பு வரையுள்ள நீளமும் வேண்டும். விதுராவில் கிடைக்காவிட்டால் நெடுமங்காடு, அதுவும் இல்லையென்றால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. அளவு தப்பினால் 22 கொண்டை ஊசி வளைவையும் மறுபடி இறங்க வேண்டியதுதான். “சீட் போல்ட் செட்” என்று கேட்டால் போதும். பிளாஸ்டிக் போல்ட் துருப்பிடிக்காது. ஆனால் அதிகம் முறுக்கினால் மரை வழுக்கிவிடும். எவர்சில்வர் போல்ட்டும் கிடைக்கும். நம்ம ஊர் ஈரத்துக்குச் சாதாரண இரும்பு வேண்டாம்.

மாட்டுவதற்கு முன்னால் பீங்கானைத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரமான பீங்கான் மேல் ரப்பர் வழுக்கும். கீலுக்கும் பீங்கானுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வாஷர். கீழே முதலில் ரப்பர், பிறகு பிளாஸ்டிக் அல்லது தகடு வாஷர், கடைசியில் நட்டு. இரும்பு நேராகப் பீங்கானைத் தொடக் கூடாது.

பாட்டி வீட்டில் துளை பெரிதாக இருந்ததால் இன்னொன்றும் செய்தோம். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, போல்ட்டின் நடுவில் துளைக்குள் வரும் இடத்தில் சுற்றினோம். போல்ட் துளையில் இறுக்கமாக உட்கார்ந்தது. இனி அது பக்கவாட்டில் ஓட இடமில்லை.

பிறகு இருக்கையை நடுவில் நேராக வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கமாக நட்டைச் சுற்றுங்கள். இரண்டு நட்டையும் மாறி மாறிச் சுற்றுங்கள். கையால் முறுக்க முடிந்தவரை முறுக்கியபின், ஸ்பேனரால் கால் சுற்று போதும். சிலர் பலம் காட்டுவார்கள். பீங்கான் வளையாது, வெடிக்கும். துளையைச் சுற்றி முடி போலக் கோடு விழுந்தால் ஒட்டி நிறுத்த முடியாது. கோப்பையையே மாற்ற நேரிடும்.

இருக்கையின் அடியில் நான்கு ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவற்றில் ஒன்று விழுந்திருந்தால் இருக்கை அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த இருக்கை போல்ட்டை மறுபடி தளர்த்தும். பாட்டி வீட்டில் இடது முன் குமிழ் இல்லை. கடையில் தனியாகக் கிடைத்தது.

சில கோப்பைகளில் கீழே கை நுழைய வழியில்லை. அவற்றில் போல்ட்டை மேலிருந்தே முறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு விரிந்து பிடித்துக்கொள்ளும். அதற்கு வேறு செட் உண்டு. கடையில் சொல்லிக் கேளுங்கள்.

புது ரப்பர் அழுந்தி உட்கார சில நாள் ஆகும். பத்து நாள் கழித்து ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். அசைந்தால் நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். எழும்போது இருக்கையை ஊன்ற வேண்டாம். பாட்டிக்காக அண்ணாச்சி இடது சுவரில் ஒரு கம்பிக் கைப்பிடி பதித்துக் கொடுத்தார். இப்போது அதைப் பிடித்துத்தான் எழுகிறார்.