போட்ட பணம் எப்போது திரும்பும்?

திருப்பூரில் நிட்டிங், சாயம் இரண்டும் வைத்திருக்கும் ஒரு பனியன் கம்பெனியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இந்த வருடம் முதலீட்டுக்கு 50 லட்சம்தான் இருக்கிறது. கேட்டு நிற்பவையோ நான்கு. பழைய நிட்டிங் மெஷின்: விலை 20 லட்சம், வருடம் 8 லட்சம் தரும், மூன்று வருடம் ஓடும். பாய்லர் புகையில் வீணாகும் சூட்டை மீட்கும் அமைப்பு: 20 லட்சம், வருடம் 5 லட்சம், எட்டு வருடம். கூரையில் சோலார்: 30 லட்சம், செலவு போக 6 லட்சம், இருபது வருடம். புது டையிங் மெஷின்: 50 லட்சம், பத்தரை லட்சம், பதினைந்து வருடம்.

முதலாளிகள் முதலில் கேட்பது, போட்ட காசு எப்போது கைக்கு வரும் என்பதைத்தான். இந்தப் பேபேக் கணக்கில் நிட்டிங் மெஷினுக்கு இரண்டரை வருடம், பாய்லருக்கு நான்கு, டையிங்குக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு, சோலாருக்கு ஐந்து. ஆக, நிட்டிங் மெஷின்தான் முதலிடம்.

ஆனால் பணத்துக்கு வட்டி உண்டே! 12 சதவீதம் என்று வைத்தால், அடுத்த வருடம் வரும் 8 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 7.14 லட்சம், அதற்கடுத்த வருடத்ததற்கு 6.38, மூன்றாவதற்கு 5.69. கூட்டினால் 19.21 லட்சம். போட்டது 20. வேகமாகத் திரும்புவதாகத் தெரிந்த மெஷின் உண்மையில் நஷ்டம். வட்டியைக் கழித்துப் பார்க்கும் டிஸ்கவுண்டட் பேபேக், இதை ஒருபோதும் திரும்பாதது என்று ஒதுக்கிவிடுகிறது. பாய்லருக்கு ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு, டையிங்குக்கு ஏழரை, சோலாருக்கு எட்டுக்குச் சற்று மேல் என்கிறது. முதல் திரும்பிய பிறகு சோலார் இன்னும் பன்னிரண்டு வருடம் சம்பாதிப்பது இந்தக் கணக்கின் கண்ணிலேயே படவில்லை.

லாபக் குறியீட்டுக்கு அது தெரியும். வரவு முழுவதின் இன்றைய மதிப்பை முதலீட்டால் வகுத்தால் சோலாருக்கு 1.49, டையிங்குக்கு 1.43, பாய்லருக்கு 1.24, நிட்டிங் மெஷினுக்கு 0.96. ஒன்றுக்குக் கீழே போனால் வேண்டாம். கையிருப்பு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவு ஈட்டுகிறது என்று பார்ப்பதுதான் நியாயம். அப்படியானால் சோலாரும், மிச்சம் 20 லட்சத்துக்குப் பாய்லரும் என்று முடித்துவிடலாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டையிங் மெஷினில் பாதியை வாங்க முடியாது. சோலார், பாய்லர் இரண்டும் சேர்ந்து முதலீடு போக, இன்றைய மதிப்பில் சுமார் 19.7 லட்சம் மிச்சம் தரும். டையிங் மெஷின் மட்டுமே 21.5 லட்சம் தரும். இரண்டு தேர்வுகளும் அதே 50 லட்சத்துக்குள் அடங்குபவை. துண்டு போட முடியாத திட்டங்கள் இருந்தால், குறியீட்டு வரிசையை நம்பாமல், பட்ஜெட்டுக்குள் அடங்கும் சேர்க்கைகள் ஒவ்வொன்றின் மிச்சத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

குறியீட்டுக்கு இன்னொரு பலவீனம், அது ஆயுளை நம்பியே நிற்கிறது. சோலார் இருபதுக்குப் பதில் பன்னிரண்டு வருடம்தான் உழைக்கும் என்றால் 1.49 நேராக 1.24-க்கு இறங்கிவிடும். டிஸ்கவுண்டட் பேபேக் அப்போது உதவுகிறது: டையிங் மெஷின் ஏழரை வருடமாவது ஆர்டரோடு ஓடுமா என்று முதலாளி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அது கையில் கொடுத்துவிடுகிறது.