‘ஒண்ணுமே ஒத்துவரலையே!’

ஜாதகம் பார்க்க வந்தவர், பலன் முழுவதையும் கேட்டுவிட்டு, “நீங்க சொன்னது ஒண்ணுமே ஒத்துவரலையே” என்கிறார். இந்த வாக்கியத்தைக் கேட்காத ஜோதிடர் இருக்க முடியாது. இதற்குத் தொழிலில் தயாராக இருக்கும் பதில்கள் மூன்று. ‘நேரம் சரியாக் குறிச்சிருக்க மாட்டாங்க.’ ‘கிரகம் மறைக்குது, உங்களுக்கே இப்போ தெரியாது.’ ‘இன்னும் ஆறு மாசம் பொறுங்க, நடக்கும்.’ மூன்றும் சில சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எதையும் சரிபார்க்காமல், வந்தவர் வாயை மூடுவதற்கு முன்பே வந்து விழுகின்றன என்பதுதான் அவற்றின் குறை. ஒரு ஜோதிடருக்குத் தன் தொழிலைப் பற்றிக் கிடைக்கும் ஒரே நம்பகமான தகவல் இந்த மறுப்புதான் என்பது என் வாதம். தலையாட்டலுக்கு அந்த மதிப்புக் கிடையாது.

தலையாட்டலை ஏன் நம்பக் கூடாது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ‘உன் குணநலன் இது’ என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கும் மேல். உண்மையில் எல்லோர் தாளிலும் இருந்தது ஒரே வாசகங்கள்தான். அவற்றை அவர் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார். ‘உள்ளுக்குள் கவலை, வெளியில் தைரியம்’ என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? எதிரில் இருப்பவரிடம் ஒத்துப்போகும் இந்த இயல்பு நம் ஊரில், பெரியவர் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து உட்கார்ந்திருக்கும்போது, இன்னும் கூடுதலாகவே இருக்கும். அந்த மரியாதையையும் மீறி ஒருவர் ‘முழுக்கத் தப்பு’ என்கிறார் என்றால், அதில் ஏதோ இருக்கிறது.

எனவே ஜோதிடரின் முதல் வேலை பதில் சொல்வது அல்ல. எது தப்பு என்று பிரித்துக் கேட்பது. நடந்து முடிந்ததைப் பற்றிச் சொன்னதா, குணத்தைப் பற்றியதா, வரப்போவதைப் பற்றியதா? வரப்போவதை இன்று யாரும் தப்பென்று நிரூபிக்க முடியாது. குணம் ஃபோரரின் தாளைப் போல எப்படியும் வளையும். ‘முப்பது வயதுக்குள் தொழில் ரெண்டு முறை முறிஞ்சிருக்கணும்’ என்பதுபோல் கடந்ததைப் பற்றிச் சொன்ன வாக்கியம்தான் சோதனைக்கு நிற்கும். அது பொய்த்திருந்தால் அடுத்தது கணக்குப் பக்கம் திரும்ப வேண்டும். வந்தவரிடம் வாழ்க்கைச் சம்பவங்களைக் கேட்பதற்கு முன்பே இதைச் செய்வது முக்கியம். சம்பவங்கள் தெரிந்துவிட்டால் கண் அவற்றையே கட்டத்தில் தேடும்.

கணக்கில் எங்கே தவறும்? அதிகம் அகப்படாமல் தப்பிப்பது நள்ளிரவுப் பிறப்பு. நம் வீடுகளில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. இரவு 12.40-க்குக் குழந்தை பிறந்தால் பாட்டி ‘திங்கட்கிழமை ராத்திரி, விடிஞ்சா செவ்வாய்’ என்பார். நோட்டில் 9-ஆம் தேதி என்று எழுதியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அது 10-ஆம் தேதி. பல ஆண்டுகள் கழித்து, திருச்சி பாலக்கரையில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் ஒருவர் நோட்டைப் பார்த்து 9-ஆம் தேதி, 12.40 ஏ.எம். என்று தட்டினால், குழந்தை பிறப்பதற்கு முழுதாக 24 மணி நேரம் முன்பே ஜாதகம் பிறந்துவிடுகிறது.

இதில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்காகப் பார்க்கலாம். உண்மையில் அந்தக் குழந்தை ரோகிணி நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். ரோகிணிக்குச் சந்திர தசை பத்து ஆண்டு. பாதி கழிந்து ஐந்து மீதி. அதன்பின் செவ்வாய் ஏழு. ஆக, 12 வயதில் ராகு தசை தொடங்கி 30-இல் முடியும். பிறகு குரு தசை. ஒரு நாள் முந்திப் போட்ட ஜாதகத்தில் சந்திரன் சுமார் ஒரு நட்சத்திரம் பின்தங்கி, கார்த்திகையின் நடுவில் நிற்பார். அதற்குச் சூரிய தசை ஆறு ஆண்டு, மூன்று மீதி. பிறகு சந்திரன் பத்து, செவ்வாய் ஏழு. ராகு தசை 20-இல் தொடங்கி 38 வரை ஓடும். இப்போது 34 வயதில் அவர் ஜாதகத்தைக் காட்டினால், குரு தசையில் இருப்பவருக்கு ராகு தசைப் பலன் வாசிக்கப்படும். அவர் ‘ஒண்ணுமே ஒத்துவரலை’ என்னாமல் வேறென்ன சொல்வார்?

இந்தப் பிழை ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் சுவாரசியம். கார்த்திகையின் நடுப்பகுதியும் ரோகிணியும் ஒரே ரிஷப ராசியில்தான் இருக்கின்றன. மறுநாள் அதே நேரத்துக்கு லக்னம் ஏறக்குறைய ஒரு பாகைதான் நகரும். மற்ற கிரகங்கள் ஒரு நாளில் பெரிதாக இடம் மாறுவதில்லை. ஆக, ராசிக் கட்டம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். நட்சத்திரமும் தசையிருப்பும் மட்டுமே மாறியிருக்கும். கட்டத்தை மட்டும் பார்த்து ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லும் ஜோதிடர் நேர்மையாகவே தவறுகிறார். சரிபார்க்கும் வழி எளிது: மாநகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழின் தேதியையும் வீட்டு நோட்டின் தேதியையும் ஒப்பிட வேண்டும். சான்றிதழில் பொதுவாக நேரம் இருக்காது. அதற்கு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளைப் பார்க்க வேண்டும். இரண்டு தேதிகளும் ஒரு நாள் விலகினால் பாதி மர்மம் அங்கேயே விடிந்துவிடும்.

இரண்டாவது இடம் பஞ்சாங்கம். கோயில்கள் பெரும்பாலும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்ற, மென்பொருள்களில் பெரும்பாலானவை திருக்கணிதத்தில் ஓடுகின்றன. இதன் விளைவைச் சனிப்பெயர்ச்சியில் ஊரே பார்த்தது. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29-இல் மீனத்துக்குப் போனார். திருநள்ளாறு கோயிலோ, தாங்கள் பின்பற்றும் வாக்கியப்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்றது. வாக்கியக் கணக்கில் அது 2026 மார்ச் 6. இடைப்பட்ட பதினோரு மாதங்களில் மகர ராசிக்காரர் ஒருவர் பாலக்கரையில் கணினி ஜாதகக்காரரிடம் கேட்டிருந்தால் ‘ஏழரை முடிஞ்சது’ என்று பதில் வந்திருக்கும். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வாக்கியம் பார்க்கும் ஒருவரிடம் போயிருந்தால் ‘இன்னும் இருக்கு’. இருவரும் தத்தம் கணக்கில் சரி. வந்தவருக்கு மட்டும் இரண்டில் ஒன்று கட்டாயம் தப்பாகத் தோன்றும். எந்தப் பஞ்சாங்கத்தில் சொல்கிறேன் என்பதைப் பலனுக்கு முன்பே சொல்லிவிடும் ஜோதிடருக்கு இந்தத் தொல்லை பாதி குறையும். (சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ரகுநாதாசாரி போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லை என்று ஒப்புக்கொண்டு திருக்கணிதத்தை முன்வைத்தார்கள். ‘ஒத்துவரலை’ என்பதைக் காது கொடுத்துக் கேட்ட மரபும் நமக்கு உண்டு.)

இங்கே ஒரு ஜோதிடர் கேட்கலாம்: தேதி, பஞ்சாங்கம் எல்லாம் சரி, ஆனால் நேரமே சந்தேகமாக இருந்தால், நடந்த சம்பவங்களை வைத்து நேரத்தைச் சுத்தி செய்வது சாஸ்திரம் அனுமதித்ததுதானே? அனுமதித்ததுதான். ஆபத்தும் அங்கேதான். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் நவாம்ச லக்னம் ஒன்பது முறை, ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒன்றாக மாறும். நேரத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தும் உரிமை இருந்தால், கல்யாணம், வேலை, அப்பாவின் மரணம் என எந்த மூன்று சம்பவத்தையும் ஏதோ ஒரு நிமிடத்தோடு பொருத்திவிடலாம். பொருத்திய பிறகு ‘பாத்தீங்களா, கச்சிதமா வருது’ என்பது, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டவன் நூற்றுக்கு நூறு வாங்கியதுபோல. நேர்மையான சுத்திக்கு ஒரு வழி இருக்கிறது. வந்தவர் தன் வாழ்வின் ஐந்து சம்பவங்களை ஆண்டோடு எழுதி, மூன்றை மட்டும் கொடுக்கட்டும். அவற்றை வைத்து நேரத்தை நிர்ணயித்த ஜோதிடர், மீதி இரண்டும் எந்த ஆண்டுகளில், எதைப் பற்றியவை என்று தாளில் எழுதிவைக்கட்டும். பிறகு இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்த இரண்டும் வராவிட்டால் சுத்தி செய்த நேரத்துக்கு மதிப்பில்லை.

வந்தவர் மறைத்திருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகளும் பழைய காதலை ஒப்புக்கொள்ள மாட்டாள். கடன் விஷயத்தைக் கணவன் மனைவியின் முன் மறுப்பான். அதற்குத் தனியாக ஒருமுறை கேட்கலாம். தனியாகவும் இல்லை என்றால் இல்லைதான். ‘மனசுக்குள்ள தெரியும், சொல்ல மாட்டேங்கிறீங்க’ என்ற நிலைக்குப் போய்விட்டால் எந்தப் பலனும் எக்காலத்திலும் தவறாகாது. தவறவே முடியாத பலனுக்குக் கட்டத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பகுத்தறிவாளர் எழுப்புவது கடைசி ஆட்சேபம்: எல்லாமே வெறும் கற்பனை எனும்போது பிழையைத் திருத்தி என்ன பயன்? சான்று அவர் பக்கம் வலுவாகவே இருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு தரப்பின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்து எது எது என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும். ஆனாலும் நாளை காலையும் யாரோ ஒருவர் மகளின் ஜாதகத்தோடு ஜோதிடர் வீட்டுத் திண்ணையில் உட்காரத்தான் போகிறார். அவர் எதை நம்பி வரனை ஒதுக்குவார், எதற்காகப் பரிகாரச் செலவுக்குக் கடன் வாங்குவார் என்பது அந்த ஜோதிடர் தன் தவறை எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பொறுத்தது.

தேதி சரி, பஞ்சாங்கம் சொல்லப்பட்டது, நேரமும் சோதிக்கப்பட்டது. அப்படியும் பொருந்தவில்லை என்றால் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘என் கணிப்பு இந்த ஜாதகத்துக்குச் சரியா வரலை.’ தட்சணையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தவறான பலனின் மேல் பரிகாரம் எதுவும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அடிப்படையே ஆடிய பிறகு எழுதும் பரிகாரம் வெறும் வசூல்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஜாதகத்தோடு போகும்போது பிறப்புச் சான்றிதழையும் ஆஸ்பத்திரித் தாளையும் எடுத்துப் போங்கள். பலன் தொடங்குமுன் எந்தப் பஞ்சாங்கம், எந்தத் தேதியைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று சொல்லுங்கள். கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.