ஸ்டாப்லாஸை எங்கே வைப்பது?

எங்கள் தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி, ஒரு நாள் மாலை கூட்டம் ஓய்ந்த நேரத்தில் தன் போனை என்னிடம் நீட்டினார். “அண்ணே, நான் ஸ்டாப்லாஸ் போட்டா கரெக்டா அதை அடிச்சுட்டுத்தான் மேல போகுது. யாரோ பார்த்துட்டே இருந்து இறக்குற மாதிரி இருக்கு.”

ஒரு பங்கை 520 ரூபாய்க்கு 200 எண்ணிக்கை வாங்கியிருந்தார். இரண்டு சதவீதம் கீழே, 509 ரூபாய் 60 காசில் ஸ்டாப்லாஸ். மறுநாள் காலை விலை 508 வரை இறங்கியது, பங்குகள் தானாக விற்றுப்போயின. மதியத்துக்குள் அதே பங்கு 525-இல் நின்றது.

அவருடைய சார்ட்டின் அடியில் ATR என்ற இண்டிகேட்டரைச் சேர்த்துக் காட்டினேன். வாங்கிய நாளன்று அதில் 13 என்று இருந்தது. அதாவது, அந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாக 13 ரூபாய் ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட பங்கு, வாங்கிய விலையிலிருந்து பத்துப் பதினொரு ரூபாய் இறங்க எந்தக் கெட்ட செய்தியும் தேவையில்லை. அது வழக்கமாகப் போய்வரும் பாதையிலேயே தம்பி ஸ்டாப்லாஸை வைத்திருந்தார்.

13 எப்படி வந்தது?

ஏ.டி.ஆர். என்பது ‘ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்’; சராசரி உண்மை வீச்சு. அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கினார். இன்று எல்லோரும் பார்க்கிற ஆர்.எஸ்.ஐ.யும் அதே புத்தகத்தில் வந்ததுதான்.

ஒரு நாளின் உச்ச விலையிலிருந்து குறைந்த விலையைக் கழித்தால் அன்றைய வீச்சு கிடைத்துவிடுமே, இதில் ‘உண்மை’ எங்கிருந்து வந்தது? வைல்டர் பண்டக வர்த்தகத்தை மனத்தில் வைத்து எழுதியவர். அந்தச் சந்தையில் ஒரு நாளைக்கு விலை இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று வரம்பு உண்டு. சில நாள் விலை திறக்கும்போதே வரம்பைத் தொட்டு, நாள் முழுக்க அந்த ஒரே விலையில் உறைந்து நிற்கும். உச்சமும் தாழ்வும் ஒன்றாகிவிடுவதால் வீச்சு பூஜ்யம் என்று கணக்கு சொல்லும். ஆனால் முந்தைய நாள் முடிவிலிருந்து பார்த்தால் விலை பெரிய தாவல் தாவியிருக்கும்.

அதனால் அவர் நேற்றைய முடிவு விலையையும் கணக்கில் சேர்த்தார். இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி ஒன்று. நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம் எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது. நேற்றைய முடிவிலிருந்து இன்றைய தாழ்வு எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது. மூன்றில் எது பெரியதோ அதுதான் அன்றைய உண்மை வீச்சு.

நேற்று 506-இல் முடிந்த பங்கு இன்று கேப் அப்பில் திறந்து, 520 வரை ஏறி, 513-க்குக் கீழே வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 7 ரூபாய்தான். நேற்றைய முடிவிலிருந்து உச்சம் வரை பார்த்தால் 14. பங்கை ராத்திரி முழுக்கக் கையில் வைத்திருப்பவர் சந்திக்கும் அசைவு அந்த 14தான்.

இப்படி நாள்தோறும் வரும் எண்ணின் சராசரிதான் ஏ.டி.ஆர். வழக்கமாக 14 நாள் கணக்கு. முதல் தடவை சாதாரண சராசரி. அதன்பின் நேற்றைய ஏ.டி.ஆரை 13-ஆல் பெருக்கி, இன்றைய உண்மை வீச்சைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். நேற்று 12, இன்றைய வீச்சு 26 என்றால், 156 கூட்டல் 26, மொத்தம் 182. அதை 14-ஆல் வகுத்தால் 13. ஒரே நாளின் கலவரம் எண்ணைக் கொஞ்சமாகத்தான் நகர்த்தும்.

இந்த எண் திசையைச் சொல்லாது. விலை வேகமாக ஏறினாலும் ஏ.டி.ஆர். உயரும், வேகமாகச் சரிந்தாலும் உயரும். வாங்கலாமா வேண்டாமா என்று இதனிடம் கேட்கக் கூடாது.

தூரம் பங்கைப் பார்த்து, எண்ணிக்கை பையைப் பார்த்து

ஸ்டாப்லாஸ் ஒரு நாளின் வழக்கமான அசைவுக்கு வெளியே இருக்க வேண்டும். அதனால் ஏ.டி.ஆரைப் போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ தள்ளி வைக்கிறார்கள். சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் 1983-இல் புதியவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து வர்த்தகம் பழக்கினார். அவர்களுக்குச் சொல்லித்தந்த விதி இரண்டு மடங்கு. வைல்டர் தன் முறையில் மூன்று மடங்கை ஒட்டியே வைத்தார். மடங்கு கூடினால் தேவையில்லாமல் அடிபடுவது குறையும். அடிபடும்போது ஒவ்வொரு பங்குக்கும் போகும் பணம் கூடும்.

தம்பியின் பங்குக்கு இரண்டு மடங்கு 26 ரூபாய். 520-இலிருந்து கழித்தால் 494. கேட்டதும் அவர் முகம் மாறியது. “200 பங்குக்கு 5,200 போயிடுமேண்ணே! என்னால ரெண்டாயிரத்துக்கு மேல தாங்க முடியாது.”

சிக்கல் இருந்த இடம் அதுதான். அவர் முதலில் 200 என்று எண்ணிக்கையை முடிவுசெய்து, பிறகு தாங்கக்கூடிய நஷ்டத்துக்கு ஏற்ப ஸ்டாப்லாஸை இழுத்துக் கிட்டத்தில் வைத்திருந்தார். 200 பங்குக்கு 10 ரூபாய் 40 காசு என்றால் 2,080 ரூபாய். அவர் பையின் அளவு பங்குக்குத் தெரியாது; அது தன் போக்கில்தான் அசையும்.

கணக்கைத் திருப்பிப் போட்டோம். தாங்கக்கூடிய நஷ்டம் 2,080. ஸ்டாப்லாஸ் தூரம் 26. வகுத்தால் 80 பங்கு. 494-இல் விற்க நேர்ந்தாலும் போவது அதே 2,080தான். அதே 520 ரூபாயில் சாதுவான இன்னொரு பங்கு, ஏ.டி.ஆர். 6 ரூபாய் 50 காசு என்றால், தூரம் 13, எண்ணிக்கை 160.

கவனிக்க வேண்டியவை

வாங்கிய பின் ஏ.டி.ஆர். 13-இலிருந்து 18-க்கு ஏறினால், “இரண்டு மடங்கு இப்போது 36 ஆச்சே” என்று ஸ்டாப்லாஸைக் கீழே இறக்கத் தோன்றும். இறக்கினால், 80 பங்கு என்று போட்ட கணக்கே உடைந்துவிடும். ஸ்டாப்லாஸ் மேலே மட்டுமே நகரலாம். பங்கு 560 வரை ஏறி, ஏ.டி.ஆர். 13-ஆகவே இருந்தால், உச்சத்திலிருந்து மூன்று மடங்கான 39-ஐக் கழித்து 521-க்குக் கொண்டுவருவது ஒரு வழி. வாங்கிய விலைக்கு மேலேயே பாதுகாப்பு வந்துவிடுகிறது.

எந்த சார்ட்டில் எண்ணைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். வாரக்கணக்கில் வைத்திருக்கப்போகும் பங்குக்கு, ஐந்து நிமிட சார்ட்டின் ஏ.டி.ஆரை எடுத்தால் தூரம் ஒன்றிரண்டு ரூபாயாகச் சுருங்கிவிடும். எண் சந்தேகப்படும்படி சின்னதாக இருந்தால், சார்ட் தினசரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ராத்திரியில் வரும் செய்தியை ஏ.டி.ஆரால் தடுக்க முடியாது. காலாண்டு முடிவு மோசமாக வந்து, மறுநாள் பங்கு 480-இல் திறந்தால், 494 என்ற விலையே கிடைக்காது. மார்க்கெட் ஆர்டராக இருந்தால் 480-ஐ ஒட்டி விற்று, 80 பங்குக்கு 3,200 ரூபாய் போகும். 493-க்குக் கீழே விற்காதே என்று லிமிட் போட்டிருந்தால் விற்காமலே நிற்கும். அதனால் முடிவு வெளியாகும் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது. எக்ஸ்சேஞ்சில் போடும் சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றைய நாளோடு காலாவதியாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

தம்பி தன் பில் புத்தகத்தின் பின்னட்டையில் ஐந்து எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்: 520, 13, 26, 494, 80. இப்போதெல்லாம் கடைசி எண்ணை எழுதி முடிக்கும் வரை அவர் ஆர்டர் போடுவதில்லை.