சொந்தத் தளம் – 17: தேடல் பெட்டி சொல்லும் ‘இல்லை’

தளத்தில் பக்கங்கள் நூறைத் தாண்டியதும், மேல் மூலையில் ஒரு தேடல் பெட்டி வைத்துவிடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. பெட்டி வைப்பது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் வைப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். பெட்டி இல்லாத தளத்தில் தேடியது உடனே கிடைக்காவிட்டால், வந்தவர் இன்னும் நாலு பக்கம் புரட்டிப் பார்ப்பார். பெட்டி ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டாலோ, அந்தச் செய்தி நம் தளத்திலேயே இல்லை என்று நம்பிப் போய்விடுவார். அது எட்டாவது பக்கத்தில் இருந்தாலும் அவருக்கு இல்லாததுதான். தமிழில் எழுதப்பட்ட தளங்களில் இந்தப் பொய்யான ‘இல்லை’ மிகச் சுலபமாக வந்துவிடுகிறது. அதனால் இந்த வாரம் பெட்டியின் அழகை விட்டுவிட்டு, இந்த ‘இல்லை’யை மட்டும் பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டால் பேச வசதி. பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி ஒரு தளம்; ரகத்துக்கு ஒரு பக்கம் என 400 பக்கங்கள். பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக உருவாக்கி ஏற்றி வைத்திருக்கிறோம். பின்னால் தரவுத்தளம் எதுவும் கிடையாது. சென்ற சில வாரங்களாக நாம் கட்டிவரும் வகைத் தளம்தான்.

இந்தத் தளத்துக்கு வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலானவர் கையில் ஒரு பெயரோடு வருவார்: பூங்கார், காட்டுயானம், சீரகச் சம்பா. பெயர் தெரிந்து வருகிறவருக்குத் தேவை ஓர் அகரவரிசைப் பட்டியல். 400 பெயரையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். பத்துப் பத்தாக உடைத்து ‘அடுத்த பக்கம்’ என்று அலையவிடாதீர்கள். பெயரும் மாற்றுப் பெயர்களும் சேர்ந்து ரகத்துக்கு 200 பைட்டு என்று வைத்தாலும் மொத்தம் 80 கிலோபைட்டுதான், ஒரு சிறிய படத்தின் அளவு. கணினியில் Ctrl+F அழுத்தியும், செல்பேசியில் உலாவியின் மெனுவில் இருக்கும் ‘பக்கத்தில் தேடு’ வசதியைக் கொண்டும் அவர் தேடிக்கொள்வார். நாற்பது ஐம்பது பக்கத் தளமாக இருந்தால் இத்தோடு வேலை முடிந்தது. அங்கே பெட்டி வைப்பது, சரியான பட்டியல் போடாததை மறைக்கும் காரியமாகவே பெரும்பாலும் முடிகிறது.

400 பெயர் என்னும்போது பட்டியலின் தலையில் ஒரு வடிகட்டி வைப்பது நியாயம். தட்டத் தட்டப் பொருந்தாத பெயர்கள் மறைய வேண்டும், அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத உலாவியிலும் பட்டியல் அப்படியே நிற்கும், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் தமிழின் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நீங்கள் ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருப்பீர்கள். வருகிறவர் ‘மாப்பிள்ளை சம்பா’ என்று தட்டுவார். இன்னொருவர் இடைவெளி விடாமல் ‘மாப்பிள்ளைச்சம்பா’ என்பார். கருப்புக் கவுனி இன்னும் கடினம். கருப்பு, கறுப்பு இரண்டுமே வழக்கில் உண்டு. கவுனியைக் கௌனி என்றும் எழுதுகிறார்கள். அந்தக் ‘கௌ’வையே பலர் ஔகாரக் குறி போடாமல், ‘கெ’ எழுதி அருகில் ஒரு ‘ள’ வைத்துத் தட்டுகிறார்கள். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். போதாததற்கு, யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி முழுதும் ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. நாம் எழுதியது ஒரு விதமாகவும் வந்தவர் தட்டியது மறு விதமாகவும் இருந்தால் பொருந்தாது.

வந்தவருக்கு எழுத்துப்பிழை பாடம் நடத்த முடியாது. ஆகவே பட்டியலில் உள்ள பெயரையும் அவர் தட்டிய சொல்லையும் ஒரே செயல்கூறு வழியாக அனுப்பி, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும்:

```js
function norm(s) {
  return s.normalize("NFC")
    .replace(/[\s\u200B-\u200D]/g, "")
    .replace(/\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])|\u0BCC/g, "வு")
    .replace(/ற/g, "ர")
    .replace(/([கசதப])\u0BCD\1/g, "$1");
}
```

முதல் வரி கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் சேர்த்துவிடும். இரண்டாவது, இடைவெளிகளையும், நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் நீக்கும். மூன்றாவது, ஔகாரக் குறியையும் ‘கெ’வுக்குப் பின் வரும் போலி ‘ள’வையும் ‘வு’ ஆக்கும். நடுவில் இருக்கும் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ளகரம், தொடக்கூடாது. இல்லாவிட்டால் ‘வெள்ளை’யில் தொடங்கும் ரகங்களெல்லாம் உள்ளுக்குள் உருமாறி, ‘வெ’ என்று தட்டத் தொடங்கியவரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கடைசி வரி இரட்டித்த வல்லினத்தை ஒற்றையாக்குகிறது. சந்தி எழுதினாலும் எழுதாவிட்டாலும் சம்பா கிடைப்பது இதனால்தான்.

இப்போது ‘கறுப்பு கௌனி’, ‘கருப்புக் கவுனி’, ‘கருப்புக்கவுனி’ மூன்றும் உள்ளே ‘கருபுகவுனி’ ஆகிவிடும். திரையில் காட்டும் பெயரை நாம் தொடுவதில்லை, அது இலக்கணப்படியே இருக்கும். றகரத்தை ரகரமாக்கினால் கறியும் கரியும் ஒன்றாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். நெல் பெயர்ப் பட்டியலில் அதனால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் இதே வரியை ஓர் அகராதித் தளத்தில் போடமாட்டேன்.

பெயர் தெரியாமல் வருகிறவர்கள் இரண்டாவது கூட்டம். ‘உவர் நிலம்’, ‘குலைநோய்’, ‘அவல்’ என்று தேடுகிறவர்கள். அவர்கள் கேட்பது தலைப்பில் இல்லை, கட்டுரையின் உடலில் எங்கோ மூன்றாவது பத்தியில் கிடக்கிறது. இவர்களுக்குத்தான் உண்மையில் தேடல் பெட்டி வேண்டும். இப்படிப்பட்டவர்கள் வருகிறார்களா என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோலில் பார்க்கலாம். எந்தச் சொற்களைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று அது காட்டும். எல்லாமே ரகப் பெயர்களாக இருந்தால் பட்டியலோடு நின்றுவிடுங்கள்.

வருகிறார்கள் என்றால் அடுத்தது எடைக் கணக்கு. பக்கத்துக்கு 500 சொல் என்றால் மொத்தம் 2 லட்சம் சொற்கள். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு ஆகிறது. இடைவெளியோடு சொல்லுக்குச் சராசரி 25 பைட்டு வைத்தால் 5 மெகாபைட்டு. முழுத் தளத்தையும் ஒரே ஜேசன் கோப்பாக்கி உலாவிக்கு அனுப்பினால், சுருக்கி அனுப்பினாலும், வயலில் நின்று செல்பேசியில் பார்க்கிறவருக்கு அது கொடுமை. இதற்காகவே பேஜ்ஃபைண்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. தளம் தயாரானபின் அதை ஒருமுறை ஓட்டினால் போதும்:

```
npx pagefind --site public
```

அது எல்லாப் பக்கங்களையும் படித்துச் சொல்லடைவு கட்டி, அதைச் சிறுசிறு துண்டுகளாக வைத்துவிடும். தேடும் சொல்லுக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் உலாவி இறக்கிக்கொள்ளும். வழங்கி தனியாக வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வரும் மெனுவும் அடிக்குறிப்பும் அடைவில் ஏறாமலிருக்க, கட்டுரைப் பகுதிக்கு மட்டும் `data-pagefind-body` என்று குறி போடுங்கள். இல்லாவிட்டால், மெனு `<nav>` குறிக்குள் இல்லாத தளத்தில், அதில் ‘நோய்கள்’ என்று ஒரு சொல் இருக்கும் குற்றத்துக்கு, 400 பக்கமும் முடிவாக வந்து நிற்கும்.

அடுத்து மொழிக் குறி. பேஜ்ஃபைண்ட், பக்கத்தின் `<html lang="ta">` என்ற குறியைப் பார்த்துத்தான் மொழியைத் தீர்மானிக்கிறது. இலவச வார்ப்புருக்கள் பலவற்றில் அங்கே `lang="en"` என்றே இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் தமிழ்ப் பக்கத்தை ஆங்கில இலக்கணத்தோடு அடைவு போடும். பழைய கருவியான லூனரில் இதைவிட மோசம். அது சொல்லின் இரு முனைகளிலும் ஆங்கில எழுத்தல்லாதவற்றை வெட்டும். தமிழ்ச் சொல்லில் வெட்டியபின் எதுவும் மிஞ்சாது. ‘பிஎச்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் முடிவு வருகிறது, தமிழில் எதைத் தட்டினாலும் வரவில்லை என்றால் காரணம் இதுதான். மொழி நீட்சியைச் சேர்த்தாலோ அந்த வெட்டும் படியை நீக்கினாலோ ஒழிய அதைத் தமிழுக்குப் பயன்படுத்த முடியாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் வேற்றுமை உருபு பாக்கி இருக்கிறது. வந்தவர் ‘நிலம்’ என்று தட்டுகிறார். கட்டுரையில் இருப்பதோ நிலத்தில், நிலத்துக்கு, நிலங்களில். ‘நிலம்’ என்று தொடங்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ‘நிலமும்’ என்பதுகூட அகப்படாது, மகரத்தின் மேலிருக்கும் புள்ளி தனிக் குறியீடு என்பதால். கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘நில’ என்று தேடினால் நிலவும் நிலையும் சேர்ந்து வந்து குவியும். மகர ஈற்றுச் சொல் எப்படி மாறும் என்பது நமக்குத் தெரியும்: மகரம் நிற்கும், அல்லது ‘த்த’ ஆகும், அல்லது ‘ங்க’ ஆகும். ஆகவே `நில(ம|த்த|ங்க)` என்று தேடினால் நிலத்தின் உருவங்கள் அகப்படும், நிலா அகப்படாது. தமிழுக்கான சொல்வேர் காணும் நிரல் ஒன்று ஸ்னோபால் தொகுப்பில் இருக்கிறது. அது இப்படிப்பட்ட வெட்டுகளைத்தான் செய்கிறது. ஆனால் எந்தக் கருவியையும் நம்பி விட்டுவிடாதீர்கள். ‘நிலத்தில்’ என்று மட்டும் வரும் ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து, பெட்டியில் ‘நிலம்’ என்று தட்டிப் பாருங்கள். பிறகு வீட்டில்–வீடு, ஆற்றை–ஆறு, நெல்லுக்கு–நெல் என்று சோதியுங்கள். இந்த நாலில் இரண்டு தவறினாலும் பெட்டியைத் தளத்தில் ஏற்றாதீர்கள். அதற்குப் பதில், ‘உவர் நிலத்துக்கு ஏற்றவை’, ‘அவலுக்கு ஏற்றவை’ என்று பத்துப் பதினைந்து தொகுப்புப் பக்கங்களைக் கையால் எழுதுங்கள். தேடி வருகிறவர்கள் கேட்பதில் பெரும்பங்கு அவற்றிலேயே அடங்கிவிடும், கூகுளும் அவற்றைக் கண்டுகொள்ளும்.

பெட்டியை ஏற்றிவிட்டவர்கள், முடிவு பூஜ்யமாக வந்த சொற்களைக் கட்டாயம் சேகரிக்க வேண்டும். உலாவிக்குள்ளேயே தேடல் நடப்பதால், என்ன தட்டினார்கள் என்பது வழங்கியின் பதிவேட்டில் தானாக விழாது. முடிவு பூஜ்யமாக இருக்கும்போது மட்டும், யார் என்ற விவரம் எதுவும் இல்லாமல், அந்தச் சொல்லை ஒரு முகவரிக்கு அனுப்பும்படி இரண்டு வரி எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். நீங்கள் ‘உவர் நிலம்’ என்று எழுதியிருப்பீர்கள். பட்டியலில் ‘உப்புத்தரை’ இருக்கும். குழியடிச்சான் பக்கத்திலும் களர்பாலை பக்கத்திலும் அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் இயல்பாகச் சேர்த்து எழுதிவிட்டு, அடைவை மறுபடி கட்டுங்கள்.